“எண்பது சதவீதம் முடிஞ்சது மேடம்!”

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவியூ நெருங்கினால், கைடின் மேசைக்கு வந்து சேரும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “எண்பது சதவீதம் முடிஞ்சது மேடம்.” எந்த எண்பது, மீதி இருபதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இத்தனைக்கும் பதில் அவர்கள் கையிலேயே இருக்கிறது, அவர்களுடைய டாஸ்க் போர்டில்.

டாஸ்க் போர்டு என்பது டிரெல்லோ போன்ற ஒரு செயலியாக இருக்கலாம், ஆய்வகச் சுவரில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளாகவும் இருக்கலாம். ‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று வரிசைகள். ஒரு வேலைக்கு ஒரு கார்டு. வேலை நகர நகர கார்டும் அடுத்த வரிசைக்குப் போகும்.

மண்ணின் ஈரத்தைப் பார்த்து சொட்டுநீர் மோட்டாரைத் தானாக இயக்கும் கருவியைச் செய்யும் நான்கு பேர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். போர்டில் 18 கார்டுகள். ஒன்பது முடிந்துவிட்டன, மூன்று நடக்கின்றன, ஆறு பாக்கி. பாதி வேலை முடிந்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் முடிந்த ஒன்பதைத் திறந்து பாருங்கள். தலைப்பு ஒப்புதல், முந்தைய ஆய்வுகளைப் படித்தது, உதிரிபாகங்கள் வாங்கியது, ஆப்பின் லாகின் பக்கம்... எல்லாம் சுலபமானவை. கருவி ஈரத்தைச் சரியாக அளக்கிறதா என்ற கேள்வியை ஒரு கார்டும் இன்னும் தொடவில்லை. கார்டுகளை எண்ணி அறிக்கை எழுதக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது நின்றுபோன கார்டை. ‘சென்சார் இணைப்பு’ மூன்று வாரமாக ‘நடக்கிறது’ வரிசையிலேயே இருக்கிறது. சென்சார் தனியாக ஒழுங்காக வேலை செய்கிறது, வைஃபையை இணைத்ததும் ரீடிங் கெட்டுவிடுகிறது. சென்சாரைக் குறை சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கினார்கள், அதுவும் அப்படியே. காரணம் வேறு. அவர்கள் வைத்திருக்கும் ESP32 போர்டில் `GPIO25` என்ற பின், ADC2 என்ற அளவீட்டுப் பகுதியைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அந்தப் பகுதியை நம்பிப் பயன்படுத்த முடியாது. வைஃபையை நிறுத்திப் பார்த்தால் ரீடிங் சரியாகிவிடும், அதுவே அடையாளம். ADC1-ஐச் சேர்ந்த `GPIO34`-க்கு ஒயரை மாற்றினார்கள், சிக்கல் தீர்ந்தது.

‘சென்சார் வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினால் கைடுக்கு இதில் எதுவும் தெரியாது. இப்படி எழுதலாம்:

“சென்சார் இணைப்பு மூன்று வாரம் தாமதம். வைஃபை ஓடும்போது GPIO25-இல் சரியான ரீடிங் வரவில்லை. GPIO34-க்கு மாற்றியபின் வருகிறது. வைஃபை இணைப்பில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தபின் கார்டை ‘முடிந்தது’க்கு நகர்த்துவோம்.”

கடைசி வாக்கியம்தான் முக்கியம். புரோகிராம் எழுதியதோடு முடிந்ததா, ஓடிக் காட்டிய பிறகு முடிந்ததா என்பதைக் குழு முதலிலேயே பேசி வைக்காவிட்டால், ‘முடிந்தது’ வரிசைக்கே அர்த்தமில்லை.

அடுத்து, பாக்கி இருக்கும் கார்டுகளில் எது நாளை விழுங்கும் என்று பார்க்க வேண்டும். ‘காலிப்ரேஷன்’ என்று ஒரே ஒரு கார்டு இருக்கிறது. சென்சார் தருவது வெறும் எண். அந்த எண் எத்தனை சதவீத ஈரம் என்று அறிய மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் அவனில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். குறைந்த எடை, ஆவியான நீர். அதை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் ஈர அளவு கிடைக்கும். 120 கிராம் மண் 100 கிராம் ஆனால் ஈரம் 20 சதவீதம். காய்ந்த மண், நனைந்த மண், நடுத்தரம் என்று பல நிலைகளில் இதைச் செய்ய வேண்டும். அவனோ சிவில் துறையின் மண் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆகவே இந்த ஒரு கார்டை ‘அனுமதி’, ‘உலர்த்தி எடைபோடுதல்’, ‘சென்சார் எண்ணோடு ஒப்பிடுதல்’ என்று மூன்றாக உடைத்துவிட வேண்டும். அறிக்கையில் கைடிடம் கேட்க வேண்டியதும் இப்போது தெளிவாகிவிட்டது: “அவனைப் பயன்படுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுமதிக் கடிதம் தேவை.”

ரிவியூவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எல்லாக் கார்டுகளையும் ஒரே மூச்சில் நகர்த்தும் குழுக்களும் உண்டு. டிரெல்லோவில் ஒவ்வொரு கார்டும் எப்போது நகர்ந்தது என்ற பதிவு இருக்கிறது. திறந்து பார்க்கும் கைடுக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைவிட, அப்படி நிரப்பிய போர்டிலிருந்து எழுதும் அறிக்கை உங்களுக்கே வழிகாட்டாது.

அறிக்கை அரைப் பக்கம் போதும். போன ரிவியூவுக்குப் பின் நகர்ந்தவை, நின்றவை, நின்றதற்குக் காரணம், கைடிடம் வேண்டுவது, இவ்வளவுதான். அதை ரிவியூவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்க அவருக்கும் நேரம் வேண்டும்.