கேட்டவரின் பெயர் யாருக்குத் தெரியும்?

2017 ஆகஸ்ட் 10 அன்று கூகுள் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை தன் ஊழியர்கள் எல்லோரிடமும் பேசுவதாக இருந்தது. பாலினம் பற்றி ஓர் ஊழியர் எழுதிய குறிப்பு வெளியே கசிந்து, அவர் வேலைநீக்கமும் செய்யப்பட்டு, அலுவலகமே கொந்தளித்துக்கொண்டிருந்த வாரம் அது. ‘டவுன் ஹால்’ எனப்படும் அந்தக் கூட்டம், தொடங்கச் சிறிது நேரமே இருக்கையில் ரத்தானது. ஊழியர்கள் முன்கூட்டியே அனுப்பிய கேள்விகள் வெளியாகி, சில இணையதளங்களில் ஊழியர்களின் பெயர்களும் வந்துவிட்டன. பாதுகாப்பு குறித்து ஊழியர்கள் அஞ்சுவதாகச் சொன்ன பிச்சை, வரும் நாட்களில் வேறு பல கூட்டங்களில் சந்திக்கலாம் என்று எழுதினார்.

கூகுளில் கேள்விகளைச் சேர்த்த கருவிக்கு டோரி என்று பெயர். ஊழியர்கள் அதில் கேள்வி எழுதுவார்கள், மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய கேள்வி மேலே வரும். நியாயமான முறைதான். ஆனாலும் முதல் நாளே வந்த கேள்வி ஓட்டுகளை வாரிக்கொள்ள, கடைசி நாளில் வரும் நல்ல கேள்வி கண்ணில் படாமலே போகும். அதனால் கேள்விகளை முதலில் வாங்கி முடித்துவிட்டு, ஓட்டெடுப்பைத் தனியாக இரண்டு நாள் நடத்துவது நல்லது.

கூட்டத்தின் விதி அறிவிப்பிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்பேன். தேதி, இடம், தலைவர் பேசப்போகும் பொருள் ஆகியவற்றை எல்லா அறிவிப்பும் சொல்லும். கேள்வி கேட்பவரின் பெயர் யார் கண்ணுக்குத் தெரியும் என்பதைத்தான் பல அறிவிப்புகள் சொல்வதில்லை. ‘பெயர் இல்லாமல் கேட்கலாம்’ என்ற ஒரு வரி போதாது. நானூறு பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். பெயின்ட் பிரிவின் இரவு ஷிஃப்டில் ஆறே பேர். ‘இரவு ஷிஃப்டில் எங்களுக்கு மாஸ்க் ஏன் தருவதில்லை?’ என்று பெயர் போடாமல் எழுதினாலும், கேட்டது அந்த ஆறு பேரில் ஒருவர் என்று மேற்பார்வையாளருக்கு உடனே தெரிந்துவிடும். கேள்விகளைத் தொகுப்பவர் அதை ‘எல்லா ஷிஃப்டுக்கும் மாஸ்க் கிடைக்கிறதா?’ என்று பொதுவாக்கலாம். ‘பாதுகாப்பு பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று மழுக்கிவிட்டால் கேள்வியே செத்துப்போகும். கணினி முன் உட்காராதவர்களுக்கு கேன்டீனில் ஒரு பெட்டியும் வேண்டும், அதுவும் கேமராவுக்கு நேர் கீழே இல்லாமல்.

அதிக ஓட்டு வாங்கிய கேள்வி மேடையில் வாசிக்கப்படாவிட்டால், ஊழியர்கள் அதை உடனே கவனிப்பார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கேள்விகள் குறைந்தால், ‘எல்லோரும் திருப்தி’ என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளக் கூடாது. பதில் சொல்ல முடியாத கேள்வியையும் வாசித்து, ஏன் முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். நேரம் போதாமல் விடுபட்டவற்றுக்கு எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வரும் என்பதும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், கேள்வி எழுதும் முன் ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: என் பெயரை யார் பார்ப்பார்கள்?