கடைசியில்தான் சன்ஸ்கிரீன்

காலையில் முகம் கழுவியதும் எதை முதலில் போடுவது என்று கேட்டால், "தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், கெட்டியானது கடைசியில்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது தவறு இல்லை. ஆனால் சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்ற நினைப்பை அது உண்டாக்கிவிடுகிறது. சீரம் தோலுக்குள் இறங்க வேண்டியது. மாய்ஸ்சரைசர் ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டியது. சன்ஸ்கிரீனோ தோலின் மேற்பரப்பில் கலையாமல் கிடக்க வேண்டியது. முதல் இரண்டும் இடம் மாறினால் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மூன்றாவது இடம் மாறினால் அதைப் போட்டதே வீணாகலாம்.

முதலில் சீரம். காலையில் பலரும் போடுவது வைட்டமின் சி சீரம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். தோலின் மேலடுக்கு இறந்த செல்களாலும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பாலும் ஆனது. தண்ணீரில் கரையும் பொருளை அது எளிதில் உள்ளே விடாது. வைட்டமின் சி-யின் அடிப்படை வடிவமான அஸ்கார்பிக் அமிலம் அப்படிப்பட்ட பொருள்தான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஷெல்டன் பின்னலின் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வு, அதன் பி.எச். அளவு 3.5-க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக இருந்தால்தான் அது தோலுக்குள் போகிறது என்று காட்டியது. ஏற்கெனவே க்ரீம் பூசிய முகத்தில் இந்த சீரத்தை விட்டால், அது முதலில் சந்திப்பது தோலை அல்ல, க்ரீமில் உள்ள எண்ணெயையும் சிலிகோனையும்தான். அதனால்தான் கழுவித் துடைத்த வெறும் முகத்தில் மூன்று, நான்கு சொட்டு போட்டு, ஓரிரு நிமிடம் காய விடச் சொல்கிறார்கள். சீரம் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது என்று பொருள். எந்த வரிசையில் போட்டாலும் அதில் பெரிய பயன் இருக்காது.

நியாசினமைடு சீரத்துக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது. மாய்ஸ்சரைசரிலேயே கலந்து விற்கிறார்கள் என்பதே அதற்குச் சான்று. முகப்பரு, மங்கு போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு இருந்தால், அதை எப்போது போடுவது என்பதில் அவர் சொன்னதுதான் கணக்கு.

மாய்ஸ்சரைசரில் கிளிசரின் போல ஈரத்தை இழுக்கும் பொருள்களும், அந்த ஈரம் ஆவியாகாமல் மூடும் எண்ணெய், மெழுகு, சிலிகோன் வகைகளும் இருக்கும். மூடும் வேலை இருப்பதால் சீரத்துக்குப் பிறகு வருகிறது. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில், எண்ணெய் வழியும் முகம் உள்ளவர்கள் இந்தப் படியைத் தயங்காமல் விட்டுவிடலாம். இன்று விற்கும் சன்ஸ்கிரீன்கள் பலவும் போதுமான ஈரப்பதம் தருபவைதான்.

இனி சன்ஸ்கிரீன். டப்பாவின் மேல் எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பரிசோதனைக்கூடத்தில் தடவி அளந்த எண். நாம் வழக்கமாகத் தடவுவது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். கனம் பாதியானால் பாதுகாப்பும் ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். கனத்தோடு இன்னொன்றும் வேண்டும்: படலம் சீராக இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரை ஈரம் காயும் முன் துணியால் தேய்த்தால் அங்கங்கே சுவர் பல்லிளிக்குமே, சன்ஸ்கிரீன் மேல் மாய்ஸ்சரைசரைத் தேய்ப்பதும் அப்படித்தான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் படலம் மெலிந்த இடங்கள் வழியே புற ஊதாக் கதிர் இறங்கும்.

இரண்டையும் உள்ளங்கையில் குழைத்து ஒரே தடவையாகப் பூசுகிறவர்கள் உண்டு. நேரம் மிச்சமாகும், ஆனால் சன்ஸ்கிரீன் நீர்த்துப்போகும். எந்த அளவுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. தயாரிப்பாளர் சோதித்தது அந்தக் கலவையை அல்லவே.

"கெமிக்கல் சன்ஸ்கிரீன் தோலுக்குள் ஊற வேண்டும், அதனால் அதை மாய்ஸ்சரைசருக்கு முன்பே போடுங்கள்" என்ற அறிவுரையும் உலவுகிறது. நான் அதை ஏற்கவில்லை. அந்த வடிகட்டிகள் வேலை செய்வதும் தோலின் மேற்பரப்பிலும் அதன் இறந்த அடுக்கிலும்தான். வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே போடச் சொல்வது, படலம் காய்ந்து படிவதற்காக. துத்தநாக ஆக்சைடு உள்ள வெள்ளை வகையானாலும் கடைசி இடம்தான்.

திருச்சியில் காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பும், கன்னத்தில் மங்கு உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எட்டேகாலுக்கு முகம் கழுவித் துடைத்துவிட்டு சீரம். அது காய்ந்ததும் சிறிதளவு மாய்ஸ்சரைசர். பிறகு புடவை கட்டவோ டிபன் பாக்ஸ் அடைக்கவோ போய்விடலாம். இந்த ஐந்து நிமிட இடைவெளி அவசியம். அடுத்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை சன்ஸ்கிரீனைப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆகும். மொத்தமாக அப்பினால் வழுக்கும் என்பதால் ஒரு விரல் அளவைப் பூசி, அது படிந்ததும் அடுத்ததைப் பூசுவது நல்லது. காது, தாடையோரம், நெற்றியின் மேல் விளிம்பு ஆகியவைதான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் ஹெல்மெட். முகப் பவுடரோ ஃபவுண்டேஷனோ போடுவதானால் அதுவும் அப்போதுதான், தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலான சன்ஸ்கிரீன் இன்னும் பொருத்தம்.

போதுமான அளவு போடுகிறோமா என்பதை டியூபைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இரண்டு விரல் அளவு என்பது ஏறக்குறைய ஒரு கிராமுக்குச் சற்று மேல். நாளுக்கு ஒரு தடவை என்றாலும் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்துக்குள் தீர வேண்டும். நாலு மாதம் வருகிறது என்று பெருமைப்பட ஏதுமில்லை.

பூசும்போது அழுக்கு உருட்டினாற்போல வெள்ளைத் துணுக்குகள் திரண்டு வந்தால், படலம் உடைந்துவிட்டது என்பது கண்முன் தெரிகிறது. கீழ் அடுக்கு காயாமல் இருந்திருக்கும், அல்லது சீரத்தில் உள்ள பசைப்பொருளும் சன்ஸ்கிரீனில் உள்ள சிலிகோனும் ஒட்டாமல் போயிருக்கும். மேலும் தேய்த்தால் இன்னும் உருளும். அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு சன்ஸ்கிரீனை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். மறுநாள் சீரத்தைக் குறைத்து, காயும் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் உருண்டால் மாய்ஸ்சரைசரை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சீரம், சன்ஸ்கிரீன் இரண்டில் ஒன்றை மாற்றத்தான் வேண்டும்.

வெளியிலேயே இருக்கும் நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீனைத் திரும்பப் போட வேண்டும். அதற்காகப் பழைய வரிசை முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டாம். வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இருக்கிற படலத்தின் மேலேயே பூசினால் போதும்.