எண்கோணத்துக்குள் எத்தனை மூலைவிட்டங்கள்?

பலகோணத்தில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு முனைகளைச் சேர்க்கும் நேர்கோடுதான் மூலைவிட்டம். நாற்கரத்தில் அது இரண்டு என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். எண்கோணத்தில் அப்படி முடியாது. கோடுகள் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்வதால் எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பதே தெரியாது. கோடுகளை விட்டுவிட்டு முனைகளைப் பிடித்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும்.

எண்கோணம் ஒன்றை வரைந்து, முனைகளுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று பெயரிடுங்கள். முதலில் ‘அ’வில் நில்லுங்கள். தன்னோடு தானே சேர முடியாது. இரு பக்கமும் இருக்கும் ஆ, ஏ இரண்டுக்கும் போகும் கோடுகள் பலகோணத்தின் பக்கங்கள், மூலைவிட்டங்கள் அல்ல. ஆக மூன்று முனைகள் கழிந்தன. மிச்சம் இ, ஈ, உ, ஊ, எ ஆகிய ஐந்து. ஒரு முனைக்கு ஐந்து என்றால் எட்டு முனைகளுக்கு 8 × 5 = 40.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ‘அ’விலிருந்து ‘உ’வுக்குப் போன கோட்டை, ‘உ’வின் முறை வரும்போது மறுபடியும் எண்ணியிருக்கிறோம். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு நுனிகள் இருப்பதால் எல்லாக் கோடுகளும் இரண்டிரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டன. எனவே 40-ஐப் பாதியாக்க வேண்டும். விடை 20.

நம்பிக்கை வரவில்லையென்றால், புதிய கோடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு வரைந்து பாருங்கள். ‘அ’வில் 5. ‘ஆ’விலும் 5, ஏனென்றால் ‘அ’ அதன் பக்கத்து முனை. அங்கிருந்து மூலைவிட்டம் எதுவும் வந்திருக்காது. ‘இ’க்கு ‘அ’விலிருந்து ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டதால் புதிதாக 4 மட்டுமே. பிறகு 3, 2, 1. எ, ஏ இரண்டிலும் புதிதாக வரைய ஒன்றுமில்லை. கூட்டினால் அதே 20.

எட்டுக்குப் பதிலாக n பக்கங்கள் என்று வைத்தால் முனைகளும் n. ஒவ்வொன்றிலிருந்தும் n – 3 கோடுகள். இரட்டை எண்ணிக்கையைச் சரிசெய்ய இரண்டால் வகுத்தால் சூத்திரம் இதுதான்:

n(n – 3)/2

முக்கோணத்துக்கு n – 3 பூஜ்யமாகிறது. அதில் மூலைவிட்டமே இல்லை. ஐங்கோணத்தில் ஐந்து வருகிறது. பக்கங்களும் மூலைவிட்டங்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் பலகோணம் அது ஒன்றுதான். பக்கங்கள் சமமாக இல்லாவிட்டாலும், ஏதாவது ஒரு முனை உள்ளே குழிந்திருந்தாலும் எண்ணிக்கை மாறாது. குழிந்த வடிவத்தில் சில மூலைவிட்டங்கள் வெளியே போகும், அவ்வளவுதான்.

தேர்வில் இதையே திருப்பிக் கேட்பதும் உண்டு. மூலைவிட்டங்கள் 54 என்றால் பக்கங்கள் எத்தனை? 54-ஐ இரட்டித்தால் 108. மூன்று வித்தியாசமுள்ள இரண்டு எண்களின் பெருக்கலாக அதை எழுத வேண்டும்: 12 × 9. ஆக அது 12 பக்கங்கள் கொண்ட பலகோணம். மூலைவிட்டங்கள் 30 என்று யாராவது கொடுத்தால் அந்தக் கேள்வியே தவறு. 9 × 6 என்பது 54, 10 × 7 என்பது 70. நமக்கு வேண்டிய 60 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 30 மூலைவிட்டங்கள் கொண்ட பலகோணம் கிடையாது.