ஆறு மணிக் கூப்பாடு

அக்கா வீட்டுக் காக்கடீல் மாலை ஆறு மணியானால் தொண்டை கிழியக் கத்தும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலேறி வந்து, "அதை யாராவது அடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டே விட்டார்.

அடுத்த நாள் கூண்டெதிரே உட்கார்ந்து கவனித்தேன். 'வீ...க்' என்று ஒரு குரல். பிறகு தலையைச் சாய்த்து, மூன்று நான்கு நொடி அசையாமல் நின்றது. மறுபடி அதே குரல், அதே அமைதி. பயந்த கிளி இப்படி இடைவெளி விடாது. சிறகை உடம்போடு இறுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் அலறும். இது ஒவ்வொரு முறையும் கத்திவிட்டுப் பதிலுக்குக் காது கொடுக்கிறது.

இதைத் தொடர்பு அழைப்பு என்பார்கள். 'நான் இங்கே, நீ எங்கே?' என்று பெயர்த்தால் அதிகம் பிசகாது. ஆஸ்திரேலியாவில் காக்கடீல்கள் கூட்டமாகத்தான் திரியும். நம்மூர்ப் பச்சைக்கிளியும் பகலில் சிறுசிறு குழுவாக இரை தேடிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் வந்து அடையும். இருட்டினால் கிளிக்குப் பார்வை மங்கும்; அப்போது தனித்துவிட்டால் ஆபத்து. அதனால் அடையும் முன் ஆளுக்காள் குரல் கொடுக்கும். கூண்டுக் கிளிக்கும் அந்த நேரக்கணக்கு மாறவில்லை. அதன் கூட்டம் நாம்தான். ஆறு மணிக்கு நாம் அடுப்படியிலோ அலுவலகத்திலோ இருக்கிறோம்.

அந்தக் குரலில் பெயர்கூட இருக்கலாம். வெனிசுலாவில் காட்டுக் குறுங்கிளிகளை ஆராய்ந்த கார்ல் பெர்க் குழுவினர், ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் அழைப்பு உண்டு என்றும், குஞ்சு அதைப் பெற்றோரிடமிருந்தே கற்கிறது என்றும் 2011இல் எழுதினார்கள். மற்றபடி ஒவ்வொரு கத்தலுக்கும் பொருள் சொல்லும் அகராதி கிடையாது.

வீட்டில் நடந்த தப்பு வேறு. கிளி கத்தியதும் அக்கா ஓடிவந்து, "சும்மா இரு சனியனே!" என்பாள். கிளிக்கு அதுவும் பதில்தான். கத்தினால் ஆள் வருகிறது என்று அது படித்துக்கொண்டது. துணி போட்டு மூடினால் அப்போதைக்கு அடங்கும், அவ்வளவே.

வழக்கத்தை மாற்றினோம். அலறலுக்கு யாரும் போகவில்லை. அது மெல்லக் கூப்பிடும்போது மட்டும் இருந்த இடத்திலிருந்தே இரண்டு தட்டு விசில். ஐந்தே முக்காலுக்குக் கூண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். முதல் சில நாள் கத்தல் கூடியது. பலரும் கைவிடுவது இங்கேதான். மூன்றாவது வாரம் விசிலைக் கிளியே அடிக்க ஆரம்பித்தது.

விளக்கணைத்த பிறகு சிறகடித்துக் கூண்டில் மோதிக்கொண்டு அலறினால் அது வேறு சங்கதி. காக்கடீலுக்கு வரும் இரவுப் பீதி. மங்கலாக ஒரு விடிவிளக்கு எரிந்தால் குறையும்.

கீழ்வீட்டுக்காரர் இப்போது, "எனக்கும் ஒரு பச்சைக்கிளி கிடைக்குமா?" என்கிறார். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம் என்றேன். நம்பாமல்தான் இறங்கிப் போனார்.