சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை

(கண் மருத்துவர் ஒருவருடன் நடந்த உரையாடலின் சுருக்கிய எழுத்து வடிவம்)

தொகுப்பாளர்: வீட்டுல ஒருத்தருக்கு மெட்ராஸ் ஐ வந்துட்டா, அடுத்து யாருக்குக் கண் சிவந்தாலும் அதேதான்னு நாமளே முடிவு பண்ணிடுறோம். அதுல என்ன தப்பு நடக்கலாம், டாக்டர்?

டாக்டர்: என்கிட்ட வந்த ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன். வயசு 58. பேரனுக்கு மெட்ராஸ் ஐ வந்து சரியாகி ஒரு வாரம் ஆகுது. ஒருநாள் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு டிவி பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. வலது கண்ணும், அந்தப் பக்கத் தலையும் பிளக்கிற மாதிரி வலி. கண் சிவந்துபோச்சு. ரெண்டு தடவை வாந்தி. கண்ணுக்கு மெடிக்கல் ஷாப்ல ஒரு சொட்டு மருந்து, வாந்திக்குப் பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி. ரெண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கல. என்கிட்ட வந்தது மூணாவது நாள்.

கண்ணுக்குள்ள அழுத்தம் சாதாரணமா 10லிருந்து 21 வரைக்கும் இருக்கும். அவங்களுக்கு 56. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய கருவிழி ஆவி படிஞ்சது போல மங்கியிருந்தது. டார்ச் அடிச்சா பாப்பா சுருங்கல. அந்தக் கண்ணுக்குக் கையசைப்பு மட்டும்தான் தெரிஞ்சது. இது திடீர்னு வரக்கூடிய ஒரு வகை கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய்.

தொகுப்பாளர்: அழுத்தம் ஏன் திடீர்னு ஏறுது?

டாக்டர்: கண்ணுக்குள்ள தெளிவான ஒரு நீர் எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கு. அது லென்ஸுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல முன்பக்கம் வந்து, கருவிழியோட ஓரத்துல இருக்குற வடிகால் வழியா வெளியேறும். சிலருக்கு அந்த ஓரம் பிறவியிலேயே குறுகல். பிளஸ் பவர் கண்ணாடி போடுறவங்களுக்கு இது அதிகம். வயசாக ஆக லென்ஸும் தடிச்சு இன்னும் நெருக்கும். இருட்டுல பாப்பா பாதி விரியும்போது அது லென்ஸோட ஒட்டி, நீர் வர்ற வழியை அடைக்குது. பின்னாடி தேங்குற நீர், பாப்பாவைச் சுத்தியிருக்கிற திரையை முன்னால தள்ளி வடிகாலையும் மூடிடுது. ஊறுறது நிக்காது, போக வழியில்லை. சில மணி நேரத்துல அழுத்தம் எகிறிடும்.

தொகுப்பாளர்: விளக்கைச் சுத்தி வளையம் தெரியும்னு சொல்றாங்களே?

டாக்டர்: அழுத்தத்துல கருவிழிக்குள்ள நீர் கோத்துக்கும். அதுல வெளிச்சம் சிதறி, தெருவிளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியும். அந்த அம்மாகிட்ட கேட்டேன். ரெண்டு மாசமாவே சில ராத்திரி வளையம் தெரிஞ்சிருக்கு, லேசா தலைவலி. தூங்கி எழுந்தா எல்லாம் சரி. தூக்கத்துல பாப்பா சுருங்குறதால அடைப்பு தானா விலகியிருக்கு. காலையில சரியாயிடுச்சேன்னு விட்டுட்டாங்க. அதுதான் கண் கொடுத்த எச்சரிக்கை.

தொகுப்பாளர்: அப்போ மெட்ராஸ் ஐ எப்படி இருக்கும்?

டாக்டர்: மணல் விழுந்த மாதிரி உறுத்தும். தண்ணி வடியும், பீளை தள்ளும், காலையில இமை ஒட்டிக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணுல ஆரம்பிச்சு மறு கண்ணுக்கும் போகும். பீளை படிஞ்சா பார்வை மங்கலாம், வளையம்கூடத் தெரியலாம். ஆனா கண்ணைக் கழுவிட்டுப் பார்த்தா தெளிவாயிடும். அதனால கழுவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால சுவர் காலண்டரைப் பாருங்க. சிவந்த கண்ணுல மட்டும் மங்கல் போகலைன்னா அதை மெட்ராஸ் ஐன்னு எடுத்துக்காதீங்க. அது கிளாக்கோமாவாத்தான் இருக்கணும்னு இல்லை. கருவிழிப் புண்ணா இருக்கலாம், உள் அழற்சியா இருக்கலாம். எதுவானாலும் அன்னிக்கே பார்க்கணும். வலியும் வாந்தியும் சேர்ந்திருந்தா ராத்திரியா இருந்தாலும் கிளம்பணும்.

தொகுப்பாளர்: அந்த அம்மா இப்போ எப்படி இருக்காங்க?

டாக்டர்: நரம்பு வழியா மருந்து, மாத்திரை, சொட்டு மருந்து கொடுத்து முதல்ல அழுத்தத்தை இறக்கினோம். கருவிழி தெளிஞ்சதும் லேசர்ல திரையில ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டோம். பாப்பா அடைச்சாலும் நீர் அது வழியா முன்னால வந்துடும். இடது கண்ணுல வலியே இல்லை, அழுத்தமும் 16தான். ஆனா அங்கேயும் அதே குறுகல் இருந்ததால அதுக்கும் துளை போட்டோம். வலது கண்ணுல இப்போ பெரிய எழுத்து படிக்கிற அளவுக்குப் பார்வை இருக்கு. மூணு நாள் அழுத்தத்துல பார்வை நரம்பு இழந்தது திரும்பி வராது.

தொகுப்பாளர்: ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சு, காலையில மறைஞ்சுபோனா?

டாக்டர்: மறைஞ்ச பிறகும் போய்க் காட்டுங்க. அந்தக் குறுகல் இருக்கான்னு கண்டுபிடிக்க, கண்மேல ஒரு சின்ன லென்ஸ் வச்சுப் பார்த்தா போதும். சில நிமிஷ வேலைதான்.