ஒரே ரத்தம்... 114-ஆ, 126-ஆ? சுகர் மீட்டர்கள் முரண்படுவது ஏன்?

கல்வராயன் மலை வெள்ளிமலையில் இருக்கும் உங்கள் அம்மா, காலையில் காபிகூடக் குடிக்காமல் வீட்டு மீட்டரில் சுகர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய மீட்டர் அது. 114 காட்டுகிறது. அந்த நேரம் பார்த்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வருகிறார். அதே விரலில் இன்னொரு துளி எடுத்து, தன் மீட்டரில் வைக்கிறார். 126. வெறும் வயிற்றில் சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோடே அந்த 126-தான். அப்போ எந்த மீட்டர் பொய் சொல்கிறது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டும் அளந்து சொல்வது வேறு வேறு.

தண்ணீர்க் கணக்கு

குளுக்கோஸ் ரத்தத்தில் உள்ள தண்ணீரில்தான் கரைந்திருக்கும். சிவப்பணுக்களை நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் நிற பிளாஸ்மாவில் சுமார் 93 சதவீதம் தண்ணீர். சிவப்பணுக்களுக்குள் 71 சதவீதம்தான். இரண்டும் கலந்த முழு ரத்தத்தில் ஏறத்தாழ 84. அதனால், அதே அளவு பிளாஸ்மாவில் குளுக்கோஸ் சுமார் 11 சதவீதம் அதிகம். 114-ஐ 1.11-ஆல் பெருக்கிப் பாருங்கள், சுமார் 126.5 வரும்.

லேப்கள் அளப்பது பிளாஸ்மாவை. 126 என்ற கோடும் பிளாஸ்மாவுக்கானது. ஸ்ட்ரிப்பில் நாம் வைப்பதோ முழு ரத்தம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, மருத்துவ வேதியியலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2005-ல் ஒரு பரிந்துரை செய்தது: எந்தக் கருவியாக இருந்தாலும் பிளாஸ்மா கணக்கிலேயே எண்ணைச் சொல்ல வேண்டும், மாற்றுவதற்கு 1.11. இன்றைய மீட்டர்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்தைத் தாமே செய்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டுகின்றன. முழு ரத்தக் கணக்கு காட்டுவது பழையவைதான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்ட்ரிப் டப்பாவுடன் வரும் தாளைப் பாருங்கள். 'பிளாஸ்மா காலிபிரேட்டட்' அல்லது 'பிளாஸ்மா ஈக்விவலன்ட்' என்று இருந்தால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதை மறுபடி 1.11-ஆல் பெருக்கிவிடாதீர்கள், உண்மையான 114, இல்லாத 126 ஆகிவிடும். முழு ரத்தக் கணக்கு என்று இருந்தால் மட்டுமே பெருக்க வேண்டும்.

ரத்த சோகை இருந்தால்?

1.11 என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 43 சதவீதம் இருக்கும் என்ற அனுமானத்தில் வந்த எண். ரத்த சோகையில் அது குறையும். அப்போது பல ஸ்ட்ரிப்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். எந்த வரம்புக்குள் அந்த ஸ்ட்ரிப் நம்பகமானது என்பது 'ஹீமட்டோகிரிட்' என்ற தலைப்பில் அதே தாளில் இருக்கும்.

இன்னொன்று: 100-க்கு மேல், 15 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பதை ஐ.எஸ்.ஓ. தரமே அனுமதிக்கிறது. லேபில் 126 என்றால் நல்ல மீட்டரிலும் 108 முதல் 144 வரை வரலாம். அதனால் அம்மாவுக்குச் சர்க்கரை நோயா என்பதை இந்த இரண்டு மீட்டர்களும் முடிவு செய்ய முடியாது. கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிவந்து, வெறும் வயிற்றில் கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்ப்பதுதான் வழி. மீட்டர் அதற்குப் பிறகு, தினசரி ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க. அதுவும் எப்போதும் ஒரே மீட்டரில்.