இரண்டு சட்டங்கள் சேர்ந்தால் ஒரு கேஷ்

மென்பொருள் வேலைக்கான தேர்வுகளில் கடிகாரத்தை ஓடவிட்டுக் கேட்கும் கேள்விகளில் ஒன்று எல்.ஆர்.யு. கேஷ். கேஷ் என்பது மறுபடி தேவைப்படும் தகவலைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும் சிறிய நினைவகம். அது நிரம்பிவிட்டால், நெடுநேரமாக யாரும் தொடாத தகவல் வெளியேற வேண்டும். `get`, `put` என்று இரண்டே வேலைகள்தான். உள்ளே எத்தனை இருந்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

ஹாஷ் மேப்பிடம் ஒரு கீயைக் கொடுத்தால் உரியதை உடனே எடுத்துத் தரும். ஆனால் எதைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது அதற்குத் தெரியாது. பட்டியல் அந்த வரிசையைக் காக்கும். ஆனால் நடுவில் இருப்பதைத் தேட முதலிலிருந்து வர வேண்டும். எனவே மேப்பில் மதிப்பை வைக்காமல், பட்டியலில் அந்த நோட் எங்கே என்பதை வைக்கிறோம். நடுவிலிருந்து ஒரு நோடை உருவினால் அதன் இருபக்கத்து நோடுகளையும் கோத்துவிட வேண்டும். ஒருவழிப் பட்டியலில் முந்தைய நோட் எதுவென்று தேடி அலைய வேண்டியிருக்கும். அதனால்தான் இருவழி.

கொள்ளளவு 2 என்று வைப்போம். க, ச இரண்டையும் போட்டால் முன்னால் ச, பின்னால் க. இப்போது `get(க)`: க முன்னால் வரும். அடுத்து ட வந்தால் வெளியேறுவது ச. படிப்பதும் பயன்பாடுதான் என்பதை மறந்து நோடை நகர்த்தாமல் விட்டால், தவறாக க போய்விடும்.

பலர் சறுக்குவது இந்த வெளியேற்றத்தில்தான்.

```
last = tail.prev
remove(last)
del map[last.key]
```

மூன்றாவது வரிக்காக நோடுக்குள் மதிப்போடு கீயும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மேப்பில் எதை அழிப்பது? அழிக்காமல் விட்டால் `get(ச)` -1 தருவதற்குப் பதில் பழைய மதிப்பைத் தரும். போதாததற்கு ச பட்டியலின் முன்னால் மறுபடி செருகப்பட்டு, 2 பேருக்கான இடத்தில் 3 பேர் இருப்பார்கள். பட்டியலின் நீளத்தையும் மேப்பின் அளவையும் கொள்ளளவோடு ஒப்பிட்டால் பிழை தெரிந்துவிடும். நிரம்பிய கேஷில் ஏற்கெனவே உள்ள கீக்குப் புது மதிப்பு போட்டும் பார்க்க வேண்டும். அப்போது எதுவும் வெளியேறக் கூடாது.

நேரம் குறைவு என்றால் முதலில் `remove`, `add_front` இரண்டையும் எழுதிவிடுவதே நல்லது. மற்றவை எல்லாம் அவற்றை அழைப்பவைதான். இரு முனைகளிலும் தகவல் இல்லாத போலி நோடுகளை நிறுத்திவிட்டால், பட்டியல் காலியா என்ற சோதனைகள் தேவைப்படா. பைத்தானின் `OrderedDict`, ஜாவாவின் `LinkedHashMap` இரண்டும் வரிசையைத் தாமே காத்துக்கொள்பவை. அவற்றைப் பயன்படுத்தலாமா என்று தேர்வாளரிடம் முதலிலேயே கேட்டுவிடலாம். பெரும்பாலும் கூடாது என்பார்; அந்த உள்வேலை தெரியுமா என்று பார்க்கத்தானே கேள்வியே!